184 பக்க நோட்டைப் பதின்மூன்று பக்கமாக்க நான்கு வழிகள்: ஒப்பந்தச் சட்டத்தை எந்த வரிசையில் சுருக்குவது?

சித்தி மகள் சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். செமஸ்டர் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இரண்டு லாங்சைஸ் நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஒப்பந்தச் சட்டம், முதல் பகுதி. மொத்தம் 184 பக்கம். ஒரு வகுப்பையும் விடாமல் எழுதியிருந்தாள். ஆசிரியர் இருமியதைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது.

"எல்லாம் இருக்கிறது அக்கா. ஆனால் எதைக் கேட்டாலும் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை" என்றாள்.

குறை அளவில் இல்லை, வரிசையில்தான் என்று அவளே சொல்லிவிட்டாள். 184 பக்கத்தை எப்படியும் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த வரிசையில் சுருக்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், அதே குழப்பம் சின்ன எழுத்தில் மறுபடி நம் கைக்கு வரும். எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன: வகுப்பு நடந்த தேதி வரிசை, சட்டத்தின் பிரிவு வரிசை, தீர்ப்புகளின் பட்டியல், தலைப்பு வரிசை. ஐந்தாவதாக சீனியர்களிடமிருந்து வரும் ஜெராக்ஸ் பிரதியும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வழிகளை ஒப்பிட இரண்டு சோதனைகளை வைத்துக்கொண்டோம். இரண்டும் ஒப்பந்தச் சட்டத் தேர்வில் ஏதாவது ஒரு வேடத்தில் வந்துவிடுபவை.

முதலாவது, தபால் கணக்கு. மதுரையில் இருக்கும் 'அ' தன் மனையை விற்பதாக, சேலத்தில் இருக்கும் 'ஆ'வுக்கு 1ஆம் தேதி கடிதம் போடுகிறார். 3ஆம் தேதி அது கிடைக்கிறது. 4ஆம் தேதி 'அ' மனம் மாறி, விற்கவில்லை என்று இன்னொரு கடிதம் போடுகிறார். அது வந்து சேரும் முன்பே, 5ஆம் தேதி, 'ஆ' சம்மதக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிடுகிறார். 'அ'வின் மறுப்பு 6ஆம் தேதி சேலத்துக்கு வருகிறது. 'ஆ'வின் சம்மதம் 7ஆம் தேதி மதுரைக்குப் போகிறது. ஒப்பந்தம் உண்டா, இல்லையா?

இரண்டாவது, மைனர் கணக்கு. பதினேழு வயதுப் பையன் தனக்குப் பத்தொன்பது என்று பொய் சொல்லிக் கடன் வாங்குகிறான். பிறகு 'நான் மைனர், தர மாட்டேன்' என்கிறான். கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்?

ஒவ்வொரு முறையிலும் செய்த சுருக்கத்தை விரித்து, இந்த இரண்டுக்கும் விடை எழுத எத்தனை முறை தாளைப் புரட்டுகிறோம் என்று எண்ணினோம். அளவுகோல் அவ்வளவுதான்.

தேதி வரிசைச் சுருக்கத்தை அவள் ஏற்கெனவே தொடங்கியிருந்தாள். ஜூலை மாத வகுப்புகளில் ஆரம்பித்து, ஒவ்வொரு வகுப்பையும் நாலைந்து வரியாக்கி, நாற்பது பக்கம் வரை எழுதியிருந்தாள். சுலபமான வேலை, ஒரு மாலையில் பாதி நோட்டு முடிந்துவிடும், மூளைக்கும் சிரமம் இல்லை. வகுப்பின் ஓட்டம் ஞாபகத்தில் இருப்பதால் எழுதும்போது எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும்.

தபால் கணக்கை அதில் தேடினோம். ஆங்கிலச் சட்டத்தின் ஆடம்ஸ் எதிர் லின்ட்செல் (1818) வழக்கு நோட்டின் 11ஆம் பக்கத்தில் இருந்தது: ஏற்புக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த கணமே ஒப்பந்தம் உருவாகிவிடும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 4 பக்கம் 19இல். திரும்பப் பெறுதல் பற்றிய பிரிவு 5 பக்கம் 23இல். தொலைபேசி ஒப்பந்தம் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்த்த பகவான்தாஸ் கேடியா வழக்கு, இன்டர்னல் தேர்வு விடுமுறை முடிந்து வந்த வகுப்பில், பக்கம் 31இல். சுருக்கத்திலும் இதே நான்கு இடங்கள். பக்க எண்கள் மட்டும் சிறியவையாகியிருந்தன.

தாளைப் புரட்டும் அலுப்போடு இது போயிருந்தால் பரவாயில்லை. பக்கம் 11இல் உள்ள விதியும் பக்கம் 19இல் உள்ள விதியும் ஒன்றல்ல. ஆங்கில விதிப்படி தபாலில் சேர்த்ததும் இரு தரப்பும் கட்டுப்படும். இந்தியப் பிரிவு 4 அப்படிச் சொல்லவில்லை. ஏற்பு, முன்மொழிந்தவருக்கு எதிராக, ஏற்றவரின் கையை விட்டுப் போன கணத்தில் முழுமையாகிறது. ஏற்றவருக்கு எதிராக, முன்மொழிந்தவரின் அறிவுக்கு வந்த பிறகே முழுமையாகிறது. அதாவது நம் கணக்கில் 'அ' 5ஆம் தேதியே மாட்டிக்கொண்டார். 'ஆ'வுக்கு 7ஆம் தேதி கடிதம் போய்ச் சேரும் வரை அவகாசம் உண்டு. 6ஆம் தேதி மாலை அவர் தொலைபேசியில் அழைத்து 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் இந்தியாவில் அது செல்லும். ஆங்கில விதிப்படி செல்லாது. தேதி வரிசையில் படித்த என் சித்தி மகள், இந்த இரண்டையும் ஒரே விதியின் இரு உதாரணங்கள் என்று நினைத்திருந்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் முரண் கண்ணில் படும். தேதி வரிசை அதைத்தான் தடுக்கிறது.

ஆசிரியர் மேல் பழி சொல்வதற்கில்லை. முதலில் ஆங்கிலக் கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு நம் சட்டத்துக்கு வருவது கற்பிக்க நல்ல வரிசைதான். கற்பிக்கும் வரிசையிலேயே விடை எழுதிவிட முடியாது என்பதுதான் சிக்கல்.

அடுத்தது பிரிவு வரிசை. சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள பேர் ஆக்டை எடுத்து வைத்து, பிரிவு 1 முதல் 75 வரை ஒவ்வொன்றுக்கும் கீழே நோட்டில் உள்ளதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எங்கள் கல்லூரிக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்தோம். இதற்கு உண்மையான பலம் உண்டு. சட்டப் புத்தகம் இல்லாமல் எழுதும் தேர்வில் பிரிவு எண் ஞாபகம் இருப்பது பாதி பலம். 'சிறுகுறிப்பு வரைக: தகா செல்வாக்கு' என்று வந்தால் பிரிவு 16ஐத் திறந்து எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். தபால் கணக்கையும் இந்த வரிசை நன்றாகத் தாங்கியது. பிரிவு 3, 4, 5, 6 அடுத்தடுத்து நிற்கின்றன. ஆடம்ஸ் வழக்கு பிரிவு 4க்குக் கீழே வந்து உட்கார்ந்ததும் முரண் தானாகத் தெரிந்துவிட்டது. புரட்டல் ஒன்றுமில்லை.

மைனர் கணக்கில்தான் அது நொண்டியது. பதினெட்டு வயது என்ற எல்லை 1875ஆம் ஆண்டின் பெரும்பான்மை வயதுச் சட்டத்திலிருந்து வருகிறது. தகுதி பற்றிய விதி பிரிவு 11. செல்லாத உடன்பாட்டில் பெற்றதைத் திருப்பித் தருவது பிரிவு 65. மைனருக்குக் கொடுத்த அத்தியாவசியப் பொருளுக்கான ஈடு பிரிவு 68. பொய் சொன்னவன் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டாமா என்ற முரண்தடைக் கேள்வி சாட்சியச் சட்டத்தில். பெற்ற பலனைத் திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் பிரிவு 33இல். ஒரே பையன், ஒரே கடன். சட்டமோ அவனைத் துண்டு துண்டாக வைத்திருக்கிறது. பிரிவு வரிசைச் சுருக்கத்தில் நாலு முறை புரட்டினோம், மூன்று சட்டங்கள் வெளியிலிருந்தன.

இன்னொரு குறையை நானே பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். பிரிவு எண் இல்லாத விதிகளுக்கு இந்த வரிசையில் வீடு இல்லை. கணவன் மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்ன பால்ஃபர் எதிர் பால்ஃபர் (1919) வழக்கு எல்லா வகுப்பிலும் நடத்தப்படுகிறது: சட்ட உறவை ஏற்படுத்தும் எண்ணம் இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ஆனால் நம் சட்டத்தில் அந்த எண்ணத்தைப் பற்றித் தனிப் பிரிவு கிடையாது. ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் வழக்குப் போட முடியாது என்ற விதியும் அப்படித்தான். பிரிவு வாரியாக எழுதுபவர் இவற்றை எங்காவது ஓரத்தில் திணிப்பார், அல்லது விட்டுவிடுவார். விட்டதே தெரியாது, ஏனென்றால் பிரிவு எண்கள் எல்லாம் வரிசையாகத்தானே இருக்கின்றன.

தீர்ப்புப் பட்டியலைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. வழக்கின் பெயர், ஆண்டு, இரண்டு வரி. அவள் நோட்டில் அறுபதுக்கு மேல் வழக்குகள் இருந்தன. பட்டியலாக்கினால் ஏழெட்டுப் பக்கம் வரும், பஸ்ஸில் படிக்க வசதி. ஆனால் சூழல் வினாவில் வழக்கின் பெயர் வருவதில்லை, சம்பவம்தான் வரும். பெயரிலிருந்து சம்பவத்துக்குப் போகத் தெரிந்தவருக்கு, சம்பவத்திலிருந்து பெயருக்கு வரத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பட்டியலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதையே சுருக்கம் என்று நம்பக் கூடாது.

கடைசியாகத் தலைப்பு வரிசை. இங்கே ஒரு எச்சரிக்கை: 'முன்மொழிவு', 'ஏற்பு', 'மறுபயன்' என்று பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகளை எடுத்து வரிசையாக எழுதினால் அது தலைப்பு வரிசை ஆகிவிடாது, பாடத்திட்டமும் பெரும்பாலும் சட்டத்தின் பிரிவு வரிசையைத்தான் பின்பற்றுகிறது. நாங்கள் தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றிக்கொண்டோம். ஒப்பந்தம் பற்றிய எந்தச் சூழல் வினாவை எடுத்தாலும் ஐந்து கேள்விகளைத்தான் கேட்கிறது. ஒப்பந்தம் உருவானதா? உருவானால் செல்லுமா? செல்லுமானால் அது நிறைவேறியதா, மீறப்பட்டதா, அல்லது யாருடைய குற்றமும் இல்லாமல் முடிந்துபோனதா? மீறினால் என்ன கிடைக்கும்? ஒப்பந்தமே இல்லையென்றால் கொடுத்தது திரும்ப வருமா?

பால்ஃபர் வழக்கு முதல் கேள்விக்குக் கீழே வந்து சேர்ந்தது. ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாமல் போவதைப் பற்றிய பிரிவு 56 மூன்றாவதில், இழப்பீடு பற்றிய பிரிவுகள் 73, 74 நான்காவதில். மைனர் இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் வருகிறான் என்பதால் அவனுக்கு மட்டும் தனித் தாள் ஒதுக்கி, இரண்டு இடத்திலும் 'மைனர் தாளைப் பார்' என்று எழுதிவிட்டோம். ஒரு விதியை இரண்டு இடத்தில் எழுதுவது தலைப்பு வரிசையில் எப்போதும் வரும் சபலம். எழுதினால் சுருக்கம் வீங்கும். பிறகு ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் மறந்துவிடுவோம்.

வேலை எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதலில் இரண்டு நோட்டுக்கும் சேர்த்து 1 முதல் 184 வரை பக்க எண் போட்டாள். பிறகு படிக்காமல், புரட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அது எதைப் பற்றியது என்று ஒரு சொல் எழுதினாள். ஒரு பக்கத்துக்கு இரண்டு சொல் தேவைப்பட்டால் இரண்டு. அந்தச் சொற்களை ஒரு தனித்தாளில் சேர்த்தாள். மைனர்: 27, 28, 64, 131, 170. ஏற்பு தெரிவித்தல்: 11, 19, 23, 31. இதற்கு ஒரு முழு நாள் போனது. அன்று அவள் ஒரு வரிகூடச் 'சுருக்கவில்லை', அதனால் மாலையில் முகம் வாடியிருந்தது. ஆனால் அந்த ஒரு தாள்தான் மற்ற எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது. எந்தத் தலைப்பு எத்தனை இடத்தில் சிதறியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிகிறது. ஒரே இடத்தில் மொத்தமாக இருக்கும் தலைப்புக்கு இந்த வேலை தேவையே இல்லை என்பதும் தெரிகிறது. சம்மதத்தைக் கெடுக்கும் வற்புறுத்தல், தகா செல்வாக்கு, மோசடி, தவறான எடுத்துரைப்பு எல்லாம் பிரிவு 15 முதல் 18 வரை ஒன்றாக இருக்கின்றன, நோட்டிலும் தொடர்ந்து நடத்தப்பட்டிருந்தன. அவற்றை அப்படியே பிரிவு வரிசையில் விட்டுவிட்டோம்.

இரண்டாவது, மூன்றாவது நாட்களில் ஒவ்வொரு தலைப்பாக எடுத்து, அதற்குரிய பக்கங்களை மட்டும் திறந்து வைத்து எழுதினாள். விதி ஒரு வரி. விதிவிலக்கு இருந்தால் அடுத்த வரி. வழக்கு ஒரு வரி, அதிலும் முடிவை மாற்றிய சம்பவம் மட்டும். மைனர் தாள் முடிந்தபோது இப்படி இருந்தது:

மைனரின் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது. பி. 11, மோஹிரி பீபி, 1903, பிரிவி கவுன்சில். (அடமானம், கடன் கொடுத்தவரின் ஆளுக்கு வயது தெரியும்.)
வயது வந்தபின் ஒப்புக்கொண்டு உயிர்கொடுக்க முடியாது.
பொய் சொன்னாலும் முரண்தடை இல்லை. கான் குல், 1928, லாகூர்.
பணம் திரும்புமா? பி. 65 இல்லை (மோஹிரி பீபி). கு.தீ. சட்டம் 1963, பி. 33: பெற்ற பலன் அளவுக்கு நீதிமன்றம் திருப்பச் சொல்லலாம்.
அத்தியாவசியம்: பி. 68. சொத்திலிருந்து மட்டும், ஆள்மேல் இல்லை. நாஷ் எதிர் இன்மன், 1908: ஏற்கெனவே போதுமான உடை இருந்தது, 11 வேஸ்ட்கோட்டுகள் அத்தியாவசியம் இல்லை.

நோட்டில் இது ஐந்து பக்கம். தாளில் பத்து வரிக்குள். பையனின் கடன் கணக்குக்கு விடை மேலிருந்து கீழே படித்தால் கிடைத்துவிடுகிறது: உடன்பாடு செல்லாது, பொய் சொன்னது அதை மாற்றாது, கடனைக் கடனாகக் கேட்க முடியாது, ஆனால் அவன் கையில் வந்த பலனை அது உள்ள அளவுக்குத் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். புரட்டல் பூஜ்யம்.

முதல் வரியில் அடைப்புக்குள் இருக்கும் 'கடன் கொடுத்தவரின் ஆளுக்கு வயது தெரியும்' என்பதை அவள் முதலில் அடித்துவிட்டிருந்தாள். "கதைதானே அக்கா, இடத்தை அடைக்கிறது" என்றாள். இடத்தை அடைக்கும் கதைகள் அந்த வழக்கில் நிறைய உண்டு: கல்கத்தா வீடு, 20,000 ரூபாய் அடமானம், தாயார் சார்பாக வந்த அறிவிப்பு, மேல்முறையீட்டுக்குள் கடன் கொடுத்தவர் இறந்துபோனது. அதெல்லாம் போகட்டும். ஆனால் இந்த ஒன்று போகக் கூடாது. அங்கே உண்மை வயது இரு தரப்புக்கும் தெரிந்திருந்ததால்தான், முரண்தடைக் கேள்விக்கு இடமில்லை என்று பிரிவி கவுன்சில் சொல்ல முடிந்தது. ஏமாற்றிய மைனரின் கணக்கு வேறு. அதற்கு மோஹிரி பீபியை மட்டும் எழுதினால் விடை பாதிதான். சுருக்கும்போது எதை வெட்டுவது என்று தெரியாதவர்களுக்கு நான் சொல்லும் சோதனை இதுதான்: அந்தச் சம்பவத்தை மாற்றிப் பார், தீர்ப்பு மாறுகிறதா? மாறினால் வைத்துக்கொள். வீடு கல்கத்தாவில் இல்லாமல் காஞ்சிபுரத்தில் இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்காது.

தலைப்பு வரிசை கெட்டுப்போகும் விதங்களும் உண்டு. மிகச் சாதாரணமானது, தலைப்பு மட்டும் இருந்து விதி இல்லாமல் போவது. 'மறுபயன்: வேறொருவரிடமிருந்தும் வரலாம், சின்னய்யா வழக்கு' என்று எழுதியிருந்தாள். மறுபயன் என்பது வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது. ஆனால் இந்த வரியை மட்டும் வைத்து விடை எழுத முடியாது. பிரிவு 2(ஈ) 'வாக்குறுதி பெற்றவர் அல்லது வேறு எவரும்' என்று சொல்வதும், 1882இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த அந்த வழக்கில் மகளுக்குத் தாய் கொடுத்த நிலமே, தாயின் சகோதரிக்கு மகள் எழுதிக்கொடுத்த வாக்குறுதிக்கு மறுபயனாக ஏற்கப்பட்டது என்பதும் சேர்ந்தால்தான் அது வரி. கண்டுபிடிக்கும் வழி எளிது: தாளை மூடிவிட்டு, தலைப்பை மட்டும் வைத்து ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வினைச்சொல் வராமல் பெயர்ச்சொற்களாகவே வந்தால் அங்கே விதி இல்லை.

இன்னொன்று, வீக்கம். முதல் சுற்றில் அவளுடைய சுருக்கம் இருபத்தாறு பக்கம் வந்தது. பழைய வினாத்தாள்கள் ஐந்தை எடுத்தோம். ஒவ்வொரு சூழல் வினாவுக்கும் சுருக்கத்தை மட்டும் வைத்து விடைக்குறிப்பு எழுதினாள்; பயன்பட்ட வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கோடு. ஐந்து தாள் முடிந்தபின் கோடே விழாத பகுதிகளைப் பார்த்தோம். வெட்டுவதற்கு முன் கொஞ்சம் நிதானம் வேண்டும்; ஐந்து வருடம் வராதது ஆறாவது வருடம் வரலாம். அதனால் விதி வரிகளைத் தொடவில்லை. கோடு விழாத இடங்களில் வழக்குகளை விதிக்கு ஒன்றாகக் குறைத்தோம், உதாரணங்களை எடுத்தோம். பதின்மூன்று பக்கத்தில் நின்றது. அதே சோதனையில் வேறொன்றும் தெரிந்தது: ஒரு வினாவுக்கு மூன்று தாளுக்கு மேல் தாவ வேண்டியிருந்தால், அங்கே தலைப்பு தவறாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 'முன்மொழிவைத் திரும்பப் பெறுதல்' என்பதையும் 'ஏற்பு எப்போது முழுமை' என்பதையும் நாங்கள் தனித்தனியாக வைத்திருந்தோம். பிரிவு 5 ஒன்றை வைத்துத்தான் மற்றொன்றைச் சொல்கிறது: ஏற்பு முன்மொழிந்தவருக்கு எதிராக முழுமையாகும் முன்புதான் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். இரண்டையும் ஒன்றாக்கி, தாளின் நடுவில் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் தேதிகளைக் குறித்தோம். 5ஆம் தேதிக்கு மேல் 'அ கட்டுப்பட்டார்', 6க்கு மேல் 'மறுப்பு ஆ-வைச் சேர்ந்தது, தாமதம்', 7க்கு மேல் 'ஆ கட்டுப்பட்டார்'. அதற்குக் கீழே ஒரே வரி: தொலைபேசி என்றால் இந்தக் கோடு இல்லை, ஏற்பு காதில் விழுந்த இடத்தில் ஒப்பந்தம், கேடியா, 1966. அந்தப் படம் நான்கு பக்க நோட்டை விழுங்கிவிட்டது.

சீனியர்களின் ஜெராக்ஸைப் பற்றி. தலைப்பு வரிசையில் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்ட ஒன்று அவளிடமும் இருந்தது. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். தன் சுருக்கம் முடிந்தபின், விட்டது எதுவும் உண்டா என்று ஒப்பிட்டுப் பார்க்க நல்லது. ஆனால் முதலில் அதன் வயதைச் சோதிக்க வேண்டும். குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்வது நீதிமன்றத்தின் விருப்புரிமை என்று பழைய பிரிவு 20ஐக் காட்டி எழுதியிருந்தால், அந்தப் பிரதி திருத்தத்துக்கு முந்தையது. அவளுடையது அப்படித்தான் இருந்தது. ஒரு வரி பழையதென்றால் மற்ற வரிகளையும் நம்பக் கூடாது என்பதில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டியதாகிவிடும். அந்த நேரத்தில் சொந்தமாகவே எழுதிவிடலாம்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு வாரமாவது இருந்தால் தலைப்பு வரிசை, தயக்கமே இல்லை. எங்களுக்கு மொத்தம் நான்கு நாள் பிடித்தது. அவள் கல்லூரிக்கும் போய்க்கொண்டே செய்தாள். இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் பிரிவு வரிசையைப் பிடித்துக்கொண்டு, சிதறிக் கிடக்கும் தலைப்புகளுக்கு மட்டும் தனித் தாள் போடுவது மேல். ஒப்பந்தச் சட்டத்தின் முதல் பகுதியில் மைனர், ஏற்பு தெரிவித்தல், செல்லாத உடன்பாட்டின் பின்விளைவு ஆகிய மூன்றுக்கும் அப்படித் தாள் இருந்தால் பெரும்பாலான சூழல் வினாக்களைச் சமாளிக்கலாம். வினாத்தாள் முழுக்கச் சிறுகுறிப்பும் கட்டுரையுமாகவே வரும் கல்லூரி என்றால் பிரிவு வரிசையே போதும். அங்கே தலைப்பு வரிசைக்காக நாலு நாள் செலவழிப்பது வீண் என்றுதான் சொல்வேன். தேதி வரிசையை எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். கை வலிக்க எழுதுவது மட்டும்தான் மிச்சம்.

ஒன்றில் அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. பதின்மூன்றாவது பக்கத்தின் பின்னால் 1 முதல் 75 வரை பிரிவு எண்களை எழுதி, எதிரே தலைப்பின் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டாள். இது தேவையில்லை, தாள்கள்தான் இருக்கின்றனவே என்றேன். சிறுகுறிப்புக் கேள்வி வந்தால் வேண்டும் என்றாள். இரண்டு நாள் கழித்து நானே அந்தப் பக்கத்தை வைத்துத்தான் அவளிடம் கேள்வி கேட்டேன்.

அடுத்த செமஸ்டரில் அவளுக்கு ஒப்பந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி வருகிறது: முகமை, கூட்டாண்மை எல்லாம். முகமையில் பிரிவு 184, மைனரும் முகவராகலாம் என்கிறது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தில் பிரிவு 30, மற்றக் கூட்டாளிகளின் சம்மதத்தோடு கூட்டாண்மையின் பலன்களில் அவனுக்கு இடம் தருகிறது. மைனர் தாளின் அடியில் நாலு வரி இடம் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.